மரப்பாச்சிக்குப் பட்டுப்பாவாடை (படம் திருத்தும் கலை – 9)

பொம்மையின் புகைப்படத்தில் உடை சேர்ப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, மனிதர் உடுத்திய உடையை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி ஒட்டுவது. ஒட்டிய மறுகணமே பொம்மை பொம்மையாகத் தெரிவதில்லை. மர முகம் கொண்ட ஒரு பெண் நிற்பது போலாகிவிடுகிறது. பொம்மையின் உடை வேறு சாதி. பெரிய துணியிலிருந்து வெட்டிய சிறு துண்டு அது. அளவு குறைந்தாலும் நூலின் பருமனும் துணியின் விறைப்பும் குறைவதில்லை. படத்தில் உடுத்தும்போதும் இதையே காட்ட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு மரப்பாச்சி. செம்மரத்தில் கடைந்தது, உயரம் 20 செ.மீ. கொலுப்படியில் ஜோடியாக வைக்கும் மரப்பாச்சிக்கு ஆண்டுதோறும் புதிதாக உடுத்துவது வழக்கம். பொம்மை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் அதற்கே தைத்துப் போட்டுப் படம் எடுத்துவிடலாம், கணினி வேலைக்கு அவசியமே இல்லை. இங்கே பொம்மை வேறு ஊரில் ஓர் உறவினர் வீட்டில் இருக்கிறது, வந்திருப்பது அதன் படம் மட்டும். அதற்குப் பச்சைப் பட்டில் ஜரிகைக் கரை வைத்த பாவாடை வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது படத்தின் அளவுகோல். பொம்மை உச்சி முதல் அடி வரை படத்தில் 5,000 பிக்சல் இருக்கிறது. உண்மை உயரம் 20 செ.மீ. என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 250 பிக்சல். உயரம் தெரியாவிட்டால் பொம்மை வைத்திருப்பவரை ஸ்கேலால் அளந்து சொல்லச் சொல்ல வேண்டும். கண்மதிப்பில் விட்டால் பிறகு வரும் எல்லாக் கணக்கும் பிசகும்.

இந்த 250 என்ற எண் எதற்கு என்பது துணியைப் பார்த்தால் புரியும். சென்டிமீட்டருக்கு 25 இழை ஓடும் பருத்தித் துணியைப் பொம்மைக்குக் கட்டினால், இந்தப் படத்தில் ஒவ்வோர் இழையும் 10 பிக்சல் அகலத்துக்கு இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் ஊடும் பாவும் எண்ணலாம். அதே துணியில் மனிதர் உடுத்திய சேலையின் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினால், இழைக்கு ஒரு பிக்சலுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். நெசவு மறைந்து துணி வழவழப்பாகிவிடும். நெசவு தெரியாத துணியைக் கண் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. தூரத்தில் இருந்தும் படத்தை நிறைக்கிறது என்றால் அது பெரிய உருவமாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் தானே கணக்குப் போட்டுவிடுகிறது.

பருமனும் அப்படித்தான். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள துணி 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஒன்றுமில்லை. 20 செ.மீ. பொம்மைக்கு அது, நமக்கு 2 மி.மீ. தடிமனில் உடை தைத்த மாதிரி, கிட்டத்தட்டக் கம்பளி. ஓரத்தை இரண்டு முறை மடித்து அடித்தால் மூன்று அடுக்கு சேர்ந்து முக்கால் மில்லிமீட்டர், அதாவது படத்தில் 19 பிக்சல் பருமனில் ஒரு வரம்பு. பொம்மைப் பாவாடையின் கீழோரம் எப்போதும் கொஞ்சம் கயிறு போலத் தெரிவதற்குக் காரணம் இதுவே. படத்தில் அந்த வரம்பு இல்லாமல் கத்தி போல ஓரம் முடிந்தால், காகிதத்தை வெட்டி ஒட்டியது போல் இருக்கும்.

விழும் விதம்தான் இவற்றில் மிக நுட்பமானது. மேசை விளிம்பிலிருந்து ஒரு துணிப்பட்டையை மெல்ல வெளியே தள்ளினால், சிறிது தூரம் நேராக நின்று பிறகு தொங்கத் தொடங்கும். எவ்வளவு தள்ளினால் குறிப்பிட்ட சாய்வுக்குத் தொங்குகிறது என்பதிலிருந்து துணியின் விறைப்பை அளக்கலாம். இங்கிலாந்தின் துணி ஆய்வாளர் பியர்ஸ் 1930-இல் இதை அளக்கும் முறையை வகுத்தார். வளைவு நீளம் என்று அதற்குப் பெயர். மெல்லிய துணிகளில் இது ஓரிரு சென்டிமீட்டர். இந்த நீளம் துணிக்குச் சொந்தமானது. யார் உடுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறாது. 90 செ.மீ. பாவாடையில் 2 செ.மீ. ஒரு பொருட்டல்ல, கொசுவம் வரிசையாக விழுந்து கால்வரை இறங்கும். பொம்மையின் 9 செ.மீ. பாவாடையில் அதே 2 செ.மீ. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். துணியின் எடை விறைப்பை வெல்வதில்லை. அதனால் மடிப்புகள் ஐந்தாறுதான் இருக்கும், ஒவ்வொன்றும் தடித்திருக்கும், பாவாடை கீழே விழாமல் குடை மாதிரி விரிந்து நிற்கும். கோயில்களில் சிறிய உற்சவ மூர்த்திகளுக்கு அலங்காரம் செய்பவர்கள் துணி தானாக விழும் என்று விட்டுவிடுவதில்லை. கொசுவத்தை விசிறி போல மடித்துக் கட்டி நிறுத்துகிறார்கள். அங்கேயும் இதே சிக்கல்தான்.

எனவே பாவாடையை வரைவதையும், இணையத்தில் கிடைக்கும் உடைப் படத்தைச் சுருக்குவதையும் விட்டு, உண்மையான துண்டுத் துணியிலேயே தொடங்குவது மேல். பொம்மையின் இடுப்பு குறுக்களவு 5 செ.மீ. என்றால் அந்த அளவில் ஒரு பாட்டில் போதும். பச்சைப் பட்டு ரவிக்கைத் துண்டில் வெட்டி, இடுப்பில் நூல் இழுத்துச் சுருக்கி, பாட்டிலில் கட்ட வேண்டும். கரைக்குச் சேலை பார்டர் ஆகாது. இரண்டு அங்குலக் கரை பாவாடையில் பாதியை விழுங்கிவிடும். 8 மி.மீ. ஜரிகை லேஸ் சரியாக இருக்கும், படத்தில் அது 200 பிக்சல்.

பாட்டிலைப் படம் எடுக்கும்போது மூலப்படத்தின் நிலைமையைத் திரும்ப அமைக்க வேண்டும். பொம்மையின் மேல் ஒளி இடப்பக்க ஜன்னலிலிருந்து விழுந்திருந்தால் இங்கும் அப்படியே. கேமரா எந்த உயரத்தில், ஏறத்தாழ எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதும் முக்கியம். பலர் கோட்டைவிடும் இடம் இது. பாவாடையின் கீழோரம் ஒரு வட்டம். மேலிருந்து பார்த்தால் அது கிண்ணம் போல வளைந்து தெரியும், நேர்மட்டத்தில் பார்த்தால் ஏறக்குறைய நேர்கோடு. பொம்மையின் பீடத்து விளிம்பு எவ்வளவு வளைந்திருக்கிறதோ, பாவாடை ஓரமும் கிட்டத்தட்ட அவ்வளவே வளைய வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நிறத்தையும் நிழலையும் எவ்வளவு திருத்தினாலும் உடை மிதக்கும். பாட்டில் பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்கேல் சென்டிமீட்டருக்கு 400 பிக்சல் காட்டினால், 250-க்குக் கொண்டுவரத் துணியை 62.5 சதவீதமாகச் சுருக்க வேண்டும்.

ஜிம்ப் மென்பொருளில் இது `Layer > Scale Layer`. பிறகு துணியைப் பொம்மையின் மேல் வைத்து, `Warp Transform` கருவியால் இடுப்பருகே மட்டும் லேசாகத் தள்ளிப் பொருத்தலாம். அதிகம் தள்ளினால் நெசவு நெளியும், இழைகளே காட்டிக்கொடுத்துவிடும். வேண்டாத பகுதியை அழிக்காமல் `Add Layer Mask` கொடுத்து மறைத்தால் பின்னால் திருத்த வழியிருக்கும். மரப்பாச்சியின் கைகள் உடலோடு ஒட்டியிருப்பதால், கை பாவாடைக்கு முன்னால் வர வேண்டிய இடத்தில் மாஸ்க்கைக் கூர்மையான பிரஷ்ஷால் வெட்ட வேண்டும். மென்மையான பிரஷ் இங்கே கெடுதல். மரத்தின் விளிம்பு கலங்கினால் அது தோலாகிவிடும்.

மரத்தை மரமாக வைத்திருப்பது பெரும்பாலும் உடையும் உடலும் தொடும் இடத்தில்தான் இருக்கிறது. இடுப்புக் கயிற்றை இறுக்கினால் மனிதர் உடம்பு பிதுங்கும், மரம் பிதுங்காது. துணிதான் சுருங்கும். தோள், இடுப்புச் சரிவில் துணி முழுக்கப் படியாமல் அங்கங்கே மயிரிழை இடைவெளி விடும், அதனுள் இருட்டு தெரியும். அந்த இருட்டைத் தனி லேயரில் `Multiply` முறையில் தீட்ட வேண்டும். தொடும் இடத்தில் கறுப்பாகத் தொடங்கி ஒரு மில்லிமீட்டருக்குள், அதாவது 25 பிக்சலுக்குள், கரைந்துவிட வேண்டும். அதற்குமேல் நீண்டால் துணி மரத்தைத் தொடாமல் தள்ளி நிற்பதாகத் தோன்றும்.

எதிரொளியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் பச்சைத் துணி இருந்தால் சுவரில் பச்சை படியும். அதையே செம்மரத்தில் தீட்டுவது பிழை. கருஞ்சிவப்பு மரம் பச்சை ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். எண்ணெய் பூசிய மேற்பரப்பில் பளபளக்கும் கோடுகளில் மட்டுமே பச்சை தெரியும். கால் பக்கத்துப் பளபளப்பில் 10, 15 சதவீத அடர்த்தியில் ஒரு கீற்று போதும். மற்ற இடத்தில் பச்சை பூசினால் மரம் பிளாஸ்டிக்காகும்.

தெளிவும் கலக்கமும் துணிக்கும் மரத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவை நெடுக்காகப் பிடித்து 24 செ.மீ. உயரத்தை நிறைத்து f/8-இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 2.5 செ.மீ. மட்டுமே. மூக்கு நுனி தெளிவாக இருக்கும், குடையாக விரிந்த பாவாடையின் பின்னோரம் கலங்கியிருக்கும். ஒட்டிய துணி எல்லாப் பக்கமும் ஒரே தெளிவில் இருந்தால், பின்னோரத்துக்கு மட்டும் `Gaussian Blur` கொடுக்க வேண்டும். செல்போன் படங்களில் ஆழம் அதிகம், இந்த வேலை குறையும். துணியைச் சுருக்கியதில் அதன் புகைப்படப் புள்ளிகள் மழுங்கியிருக்கும் என்பதால், மரத்தில் தெரியும் அளவுக்கு `RGB Noise` சேர்ப்பதும் அவசியம்.

கடைசியாக மேசை மேல் விழுந்த நிழல். மூலப்படத்தில் இருப்பது உடையில்லாத பொம்மையின் ஒல்லி நிழல். பாவாடை விரிந்த பிறகு நிழலும் அகல வேண்டும். ஒட்டுவேலை பெரும்பாலும் இங்கேதான் அகப்படுகிறது. சரிபார்க்க, படத்தை நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். நிறம் மறைத்து வைத்திருந்த ஒளித் தவறுகள் அப்போது வெளியே வரும். பிறகு படத்தை இடவலமாகத் திருப்பியும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வேலை முடிந்த கோப்பை லேயர்களோடு `.xcf` ஆகவே வைத்திருந்தால், அடுத்த நவராத்திரிக்கு அதே பாவாடையை அரக்கு நிறத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நிழலும் மடிப்பும் மாறாது. ஜரிகைக் கரைக்கு மட்டும் இந்த வழி செல்லாது. அதன் மினுக்கம் சுற்றியுள்ள ஒளியின் பிரதிபலிப்பு. வெள்ளி ஜரிகை வேண்டுமென்றால் வெள்ளி லேஸை வாங்கி, மறுபடி பாட்டிலில் கட்டி, புதிதாகப் படம் எடுக்க வேண்டியதுதான்.