வெயிலில் மங்கும் திரை

செல்போன் திரை தானாகக் கூடிக் குறைந்து எரிச்சலூட்டுகிறது என்று ஆட்டோ பிரைட்னஸை அணைத்துவிடுகிறவர்கள் நிறைய. அவர்களே சித்திரை வெயிலில் பைக்கை ஓரங்கட்டி, மேப் தெரியாமல், உள்ளங்கையால் திரைக்குக் குடை பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளியாயிற்று, போதவில்லை. டிஸ்பிளே போய்விட்டதோ என்று கடைக்காரரிடம் விலை கேட்கவும் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் டிஸ்பிளேயில் ஒரு குறையும் இருக்காது. ஆட்டோவை அணைத்ததே வினை.

ஓஎல்இடி திரையுள்ள பல போன்களில் உச்சகட்ட வெளிச்சம் ஸ்லைடருக்குள் அடங்காது. அதை வெயிலுக்கென்று தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஐபோன் 15-ஐ எடுத்துக்கொண்டால், சாதாரணமாக அதிகபட்சம் 1000 நிட்; வெட்டவெளியில் 2000 நிட் என்கிறது ஆப்பிள். இந்த ஒதுக்கீடு கிடைக்க ஆட்டோ இயங்க வேண்டும், சென்சாரும் வெயிலைப் பார்த்திருக்க வேண்டும். நம் கையில் கொடுத்துவிட்டால் நாள் முழுக்க அங்கேயே வைத்திருப்போம். பேட்டரி தீரும், திரை சூடாகித் தேயும் என்பதால் இந்தப் பூட்டு. சாம்சங்கின் சில மாடல்களில் மட்டும் ஆட்டோவை அணைத்த பிறகு Extra brightness என்று ஒரு பொத்தான் தென்படும்.

ஆகவே ஆட்டோவை மறுபடி போட்டுவிட்டு, அது ஏன் தாவுகிறது என்று பார்ப்பதுதான் சரி. ஆண்ட்ராய்டில் Settings-ல் Display பகுதிக்குள்ளேயே Adaptive brightness இருக்கும். ஐபோனில் அதை ஏனோ Accessibility, Display & Text Size என்று போய், அந்தப் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஒளியை அளக்கும் சென்சார் பெரும்பாலும் இயர்பீஸ், முன்கேமரா பக்கத்தில், கடுகளவு இடத்தில் இருக்கும். சில போன்களில் திரைக்கு அடியிலேயே. வீட்டுக்குள் இரவில் 100 லக்ஸ் அளவு, நேர் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை என்று அது பார்க்கவேண்டிய வீச்சு மிகப் பெரியது. போனைப் படுக்கவைத்து கேம் ஆடும்போது இடது கை விரல் சரியாக அதன்மேல் உட்காரும், திரை மங்கும். விரல் நகர்ந்தால் ஏறும். மரநிழலும் வெயிலும் மாறிமாறி வரும் பஸ் பயணத்திலும் இதே கதைதான். ஒவ்வொரு நிழலுக்கும் துள்ளாமல் இருக்க ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலில் ஒரு நிதானம் வைத்திருக்கிறார்கள்: வெளிச்சம் கூடினால் 4 விநாடி, குறைந்தால் 8 விநாடி அது நிலைக்கிறதா என்று பார்த்த பிறகே திரை மாறும். போன் நிறுவனங்கள் இதை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஒரு போன் சாது, ஒரு போன் படபடப்பு.

சென்சார் கெட்டதா, மறைந்திருக்கிறதா என்று சாம்சங் போன்களில் எளிதாகப் பார்க்கலாம். டயல் செய்யும் இடத்தில் `*#0*#` அடித்தால் வரும் சோதனைப் பக்கத்தில் Sensor-ஐத் தொட்டால், Light Sensor எதிரே லக்ஸ் கணக்கு ஓடும். டியூப்லைட் அடியில் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு மேல்விளிம்பை விரலால் மூடினால் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். வாசலில் வெயிலுக்குக் காட்டினால் பல ஆயிரங்களுக்குத் தாவ வேண்டும். விரலை மூடியும் எண் அசையவில்லை என்றால் சென்சாரோ அதன் இணைப்போ பழுது. டிஸ்பிளே மாற்றிய போன்களில் இது சகஜம். எண் அசைகிறது, ஆனால் வெயிலில்கூடச் சில நூறைத் தாண்டவில்லை என்றால் குற்றவாளி மேலே ஒட்டிய கண்ணாடி. விளிம்பு கறுத்த டெம்பர்ட் கிளாஸ், பக்கத்து ஆள் பார்க்காதபடி மறைக்கும் பிரைவசி கிளாஸ், பசை வழிந்த மலிவு கிளாஸ் மூன்றுமே இதைச் செய்யும். கழற்றிவிட்டு அதே வாசலில் மீண்டும் அளந்தால் தெரிந்துவிடும்.

சென்சார் சரி, கிளாஸும் சரி, ஆனாலும் திரை தாறுமாறு என்றால் போன் கற்றுக்கொண்டது பிசகியிருக்கலாம். 2018-ல் ஆண்ட்ராய்டு 9 வந்தது முதல், எந்த வெளிச்சத்தில் ஸ்லைடரை எங்கே நகர்த்துகிறோம் என்பதைப் போன் கவனித்துப் பழகுகிறது. விரல் சென்சாரை மறைத்திருந்த நேரத்தில் நாம் ஸ்லைடரை ஏற்றினால், இருட்டில் இவருக்குக் கூசும் வெளிச்சம் பிடிக்கும் என்று அது குறித்துக்கொள்ளும். ஒரே போனைத் தாத்தாவும் பேரனும் மாற்றிமாற்றி இழுத்தால் கேட்கவே வேண்டாம். பிக்சல் போனில் Device Health Services செயலியின் Storage பகுதிக்குள் Reset adaptive brightness இருக்கிறது. அழித்துவிட்டு, சென்சாரை மறைக்காமல், சில நாள் பொறுமையாகத் திருத்திவர வேண்டும்.

இத்தனையும் செய்தபின், வெயிலில் முதலில் பளிச்சென்று இருந்து சில நிமிடத்தில் மங்கினால் அது சூடு. போன் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையைக் குறைக்கிறது. ஸ்லைடர் அப்போது எடுபடாது. ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புறம் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டும் என்கிறது ஆப்பிள். வேலூர் மே மாதத்தில் அதை நிழலே தாண்டிவிடும். பைக் ஹேண்டிலில் சார்ஜ் போட்டபடி மேப் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் மங்கும். சார்ஜரைப் பிடுங்கி, கவரைக் கழற்றி, நிழலில் காற்றுப்பட வைத்தால் தானே தெளியும். ஃப்ரிட்ஜுக்குள் மட்டும் வைக்கக் கூடாது, உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.