மழலை மொழியாகும் படிகள்

பாகான் செராயில் ஒரு தமிழ்க் குடும்பம். பாயில் கிடக்கும் ஏழு மாதக் குழந்தை கைகால்களை உதைத்துக்கொண்டு ‘மாமாமாமா’ என்கிறது. “தாய்மாமனைக் கூப்பிடுகிறாள்!” என்று பாட்டி பூரிக்கிறார். உண்மையில், குழந்தை இன்னும் யாரையும் அழைக்கவில்லை. உதடுகளை மூடித் திறந்து, ஒலி எழுப்பிப் பழகிக்கொண்டிருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு அழுகை ஒன்றே மொழி. இரண்டு, மூன்று மாதங்களில் ‘ஆ’, ‘ஊ’ எனும் உயிரொலிகள் வருகின்றன. ஆறு முதல் பத்து மாதங்களுக்குள் மெய்யும் உயிரும் சேர்ந்து, ‘பாபாபா’, ‘மாமாமா’ என ஒரே அசை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. இதுவே மழலையொலிப் பருவம். ப, ம ஆகியவை உதடுகளை மூடித் திறந்தாலே பிறக்கும் எளிய ஒலிகள். அம்மா, அப்பா, மாமா, பாப்பா போன்ற உறவுச் சொற்களில் அவை மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உலகின் பல மொழிகளிலும் தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் இவ்வாறே அமைந்துள்ளன.

இப்பருவத்தில் வாயைவிடச் செவியே முன்னால் செல்கிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அவர்கள் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் ‘த’, ‘ட’ ஒலிகளைக் கேட்கச் செய்தனர். ஒலி மாறியதும் தலையைத் திருப்பினால், ஒளிரும் பொம்மை ஒன்று தெரியும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் மாற்றத்தை உணர்ந்து திரும்பினர். பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் மிகச் சிலரே அவ்வாறு செய்தனர். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை; எனவே, செவி அதைக் கைவிட்டுவிடுகிறது. ‘பத்து’, ‘பட்டு’ என்னும் சொற்களை நாள்தோறும் கேட்கும் தமிழ்க் குழந்தைக்கோ அவ்வேறுபாடு தேவைப்படுகிறது.

பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் தொடக்கத்தில் ‘ஆ’, ‘ஊ’ என்று ஒலி எழுப்பும். ஆதலால், குறையை வீட்டார் எளிதில் அறிவதில்லை. ஆனால், ‘பாபாபா’ போன்ற அசைத்தொடர் அக்குழந்தைக்கு மிகவும் தாமதமாகவே வரும். பத்து மாதமாகியும் அத்தகைய ஒலி வராவிட்டால், சுகாதார கிளினிக்கில் செவித்திறனைச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஏறத்தாழ ஓராண்டு நிறையும்போது முதல் சொல் பிறக்கிறது. அது சொல்தானா, வெறும் ஒலியா என்பதை எப்படி அறிவது? ஒரே பொருளையோ ஆளையோ குறிக்க, ஒரே ஒலியைக் குழந்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டும். பசிக்கும்போதெல்லாம் ‘மம்மம்’ என்றால், உச்சரிப்பு எப்படியிருந்தாலும் அது சொல்லே. தொடக்கத்தில் சொல்லின் எல்லை விரிந்திருக்கும். நரைத்த தலையுடைய எல்லாரும் ‘தாத்தா’ ஆவர். நாய், ஆடு, மாடு மூன்றும் ‘வவ்வவ்’ ஆகிவிடும். சொற்கள் பெருகப் பெருக, ஒவ்வொன்றும் தனக்குரிய எல்லைக்குள் சுருங்கும்.

சொற்கள் ஐம்பதை நெருங்கும்போது, பொதுவாகப் பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள், குழந்தை இரண்டு சொற்களை இணைக்கிறது. ‘அப்பா வா’, ‘பால் வேணும்’, ‘பூனை போச்சு’ என்பன இத்தகையவை. சொற்கள் இரண்டே ஆயினும் பொருள் பலவாகலாம். அமெரிக்க ஆய்வாளர் லோயிஸ் புளூம் கவனித்த ஒரு சிறுமி, ‘அம்மா காலுறை’ என்னும் பொருள்படும் தொடரை இருமுறை கூறினாள். தாயின் காலுறையைக் கண்டெடுத்தபோது ‘இது அம்மாவின் காலுறை’ என்பது பொருள். தாய் தனக்குக் காலுறை அணிவித்தபோது ‘அம்மா காலுறை போட்டுவிடுகிறார்’ என்பது பொருள். எனவே, சூழலைப் பார்க்காமல் மழலையின் பொருளை முடிவு செய்ய இயலாது.

இருமொழி புழங்கும் இடங்களில் மேலும் ஒரு கவனம் தேவை. பகலில் மலாய்ப் பராமரிப்பாளரிடமும் இரவில் தமிழ் வீட்டிலும் வளரும் இரண்டு வயதுக் குழந்தைக்கு, முப்பது தமிழ்ச் சொற்களும் இருபத்தைந்து மலாய்ச் சொற்களும் தெரியும் என்று கொள்வோம். தமிழை மட்டும் எண்ணினால் குழந்தை பின்தங்கியதுபோல் தோன்றும். இரண்டையும் கூட்டினால் ஐம்பத்தைந்து. ‘பால்’, ‘சூசு’ எனும் இரண்டும் தனித்தனிச் சொற்களாகவே எண்ணப்படும். அக்குழந்தை உரிய படியில்தான் நிற்கிறது.

இந்த வயதுகள் எல்லாம் தோராயமானவை. ஒரு குழந்தை பத்து மாதத்தில் முதல் சொல்லைக் கூறும். மற்றொன்று பதினான்கு மாதத்தில் கூறும். ஆயினும், இரண்டு வயது நிறைந்தும் எந்த மொழியிலும் இரண்டு சொற்களைத் தானாக இணைக்காத குழந்தையை, ‘தானாகப் பேசிவிடும்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.