கணிப்பான் அறியாத நிழல்

எங்கள் கிளைக்குக் கடன் கேட்டு வந்த ஜெய்ப்பூர் சோலார் நிறுவுநர் ஒருவர், தம் இணையதளத்தின் சேமிப்புக் கணிப்பானைக் காட்டினார். 2,400 ரூபாய் மின்கட்டணத்தை இட்டால், 2,400-உம் மிச்சம் என்றது! அதில் 500 ரூபாய் நிலைக்கட்டணமும் வரியும் ஆயிற்றே என வினவினோம்.

ரூபாய்க்குப் பதில் ரசீதிலுள்ள யூனிட்டைக் கேட்கச் சொன்னோம். ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு மாதம் 360. வீட்டின் நுகர்வு 300 எனில், அதற்குரிய 1,900 ரூபாயே சேமிப்பின் உச்சம். மிகும் 60 யூனிட்டை அதே விலையில் கூட்டலாகாது.

மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலையோ கணிப்பான் அறியாது. ஆகவே ‘1,600 முதல் 1,900 வரை’ என விடை காட்டி, அதன் கீழேயே ‘நிழலைப் பார்க்க எந்நாள் வரலாம்?’ என்னும் முன்பதிவுக் கட்டத்தை வைத்தார். விடைக்கு முன்பே கைப்பேசி எண் கேட்பதையும் கைவிட்டார்.