ஓசோன் ஓட்டை வேறு, பூமிச் சூடு வேறு

வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில் டீக்கடையில் யாராவது சொல்லிவிடுவார்: "ஓசோன்ல ஓட்டை விழுந்துடுச்சு, அதான் இப்படிக் கொளுத்துது." கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டைக்கும் இந்த வெயிலுக்கும் சம்பந்தமில்லை.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. அதில் பெரும்பகுதி தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கி.மீ. உயரத்தில் பரவிக் கிடக்கிறது. தலைக்கு மேல் உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தால் கனம் 3 மில்லிமீட்டர்தான் தேறும். இதுதான் சூரியனின் தீங்கான புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. அது மெலிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும்.

அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் ஜோ ஃபார்மனும் இரு சகாக்களும் ஆண்டுதோறும் ஓசோனை அளந்துவந்தார்கள். அக்டோபர் மாத அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதை 1985இல் அறிவித்தார்கள். காரணம், ஃபிரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன். அது மேலே போய்ச் சிதைந்து குளோரினை விடுகிறது. தென்துருவக் குளிர்காலத்தில் மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே உருவாகும் மேகத் துகள்களின்மேல் அந்தக் குளோரின் உசுப்பப்படுகிறது. செப்டம்பரில் வெயில் திரும்பியதும் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. கோடை வந்ததும் ஓட்டை மூடிக்கொள்ளும். ஓட்டை என்பதும் பேச்சுக்குத்தான். அங்கே ஓசோன் வெகுவாக மெலிந்திருக்கிறது, அவ்வளவே.

நம் தோலில் சுடும் வெயில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும்தான். ஓசோன் அவற்றைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆகவே அது மெலிந்ததால் வெயில் கூடிவிடாது. பூமி சூடாவது வேறு வழியில். வெயிலில் சூடேறிய நிலமும் கடலும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புகின்றன. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கிறது. ஓசோன் விவகாரம் உள்ளே வரும் கதிரைப் பற்றியது; வெப்பமயமாதல் வெளியே போக வேண்டிய சூட்டைப் பற்றியது.

இரண்டும் ஒட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஏசியின் வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பழைய ஏசிகளில் R-22 என்றிருக்கும். அது ஓசோனையும் அரிக்கும், சூட்டையும் பிடித்துவைக்கும். 1987இன் மாண்ட்ரீல் உடன்பாடு இத்தகைய வாயுக்களைப் படிப்படியாக விலக்கியது, ஓசோனும் தேறிவருகிறது. மாற்றாக வந்த R-410A ஓசோனைத் தொடாது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகச் சூடேற்றும். அதனால்தான் 2016இல் கிகாலியில் அந்த வகை வாயுக்களையும் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. ஸ்டிக்கரில் R-290 என்றிருந்தால் அது புரோபேன். ஓசோனுக்கும் கேடில்லை, சூடும் மிகக் குறைவு. தீப்பற்றக்கூடியது என்பதால் மெக்கானிக்குக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.