இடுப்பு வலி குறைந்ததா? எந்த அளவுகோலைக் கேட்பது?

தமிழ்நாட்டின் இயன்முறை மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் எழுதும் ஆய்வுத் திட்டங்களில் நாள்பட்ட இடுப்பு வலிக்குத் தனி இடம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் வலியோடு இருப்பவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு ஹாட் பேக், ஐ.எஃப்.டி., பொதுவான ஆலோசனை. இன்னொரு குழுவுக்கு அதோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரப் பயிற்சி. கடைசியில் ஒரு கேள்வி வரும்: எந்தக் குழு தேறியது? அதை எதை வைத்துச் சொல்வது?

எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துச் சொல்ல முடியாது. வலியே இல்லாத பலருக்கும் படத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கும். எவ்வளவு குனிய முடிகிறது என்று டேப் வைத்து அளப்பதும் போதாது. நன்றாகக் குனிகிறவர் வேலைக்குப் போக முடியாமல் இருப்பார். குனிய முடியாதவர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மதிப்பெண் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் நாள் முழுக்கப் படுத்தே இருப்பவர் வலிக்கு மூன்று போடக்கூடும். தண்ணீர்க் குடம் தூக்கத் தொடங்கிவிட்டவர் ஐந்து போடக்கூடும். பயிற்சி என்பது மனிதரை மறுபடி இயங்க வைக்கும் சிகிச்சை. ஆகவே அன்றாட வேலைகளில் வலி போடும் முட்டுக்கட்டை எவ்வளவு குறைந்தது என்பதே இந்த ஆய்வின் முதன்மை விளைவாக இருக்க வேண்டும். வலி மதிப்பெண் இரண்டாம் இடத்தில் நிற்கட்டும்.

அந்த முட்டுக்கட்டையை அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் வினாத்தாள்கள் இரண்டு. ஆஸ்வெஸ்ட்ரி என்பது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊர். அங்குள்ள எலும்பியல் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளைக் கொண்டு உருவாகி, ஜெரமி ஃபேர்பேங்க் குழுவினரால் 1980இல் வெளியிடப்பட்டது முதல் வினாத்தாள். மார்ட்டின் ரோலண்ட், ரிச்சர்ட் மாரிஸ் இருவரும் பொது மருத்துவரிடம் வந்த நோயாளிகளிடம் சோதித்து 1983இல் வெளியிட்டது இரண்டாவது. 2018இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று இடுப்பு வலி ஆய்வுகளில் எல்லோரும் பொதுவாக அளக்க வேண்டியவற்றைப் பரிந்துரைத்தது. உடல் இயக்கத்துக்கு ஆஸ்வெஸ்ட்ரியின் 2.1ஏ வடிவம் அல்லது 24 கேள்வி ரோலண்ட்-மாரிஸ், இரண்டில் ஒன்று போதும் என்றது. இரண்டும் சரிபார்க்கப்பட்டவைதாம். அப்படியென்றால் எதை எடுப்பது? பெரும்பாலான ஆய்வேடுகளில் இந்த இடத்தில் 'பரவலாகப் பயன்படுவது, நம்பகமானது' என்று ஒரு வரி இருக்கும். அது காரணமே ஆகாது. நம்பகமானது என்றால் யாரிடம், எந்த மொழியில், எவ்வளவு முற்றிய வலியில் என்று சொல்ல வேண்டும்.

இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ரோலண்ட்-மாரிஸில் 24 வாக்கியங்கள். இன்று தனக்குப் பொருந்துவதை நோயாளி டிக் செய்ய வேண்டும். டிக் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதில் ஒரு வாக்கியம் சாக்ஸ் மாட்டும் சிரமத்தைப் பற்றியது. மாடிப்படிக் கைப்பிடி, நாற்காலியிலிருந்து எழுவது பற்றியும் உண்டு. விவசாயக் கூலி வேலை செய்யும் பெண் சாக்ஸ் போடுவதில்லை. அவர் வீட்டில் மாடிப்படியும் இல்லை. அவர் அந்த வரிகளை டிக் செய்யாமல் விடுவார். கணக்கில் அது 'சிரமம் இல்லை' என்று ஏறிவிடும். பொருந்தாததும் சிரமமற்றதும் ஒரே பூஜ்யமாகிவிடுகின்றன.

ஆஸ்வெஸ்ட்ரியில் பத்துப் பகுதிகள்: வலியின் அளவு, குளிப்பது உடுத்துவது, பளு தூக்குவது, நடப்பது, உட்காருவது, நிற்பது, தூக்கம், தாம்பத்தியம், வெளியே போய்ப் பழகுவது, பயணம். ஒவ்வொன்றிலும் ஆறு நிலைகள், 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 50, அதைச் சதவீதமாக்க வேண்டும். ஒரு பகுதிக்குப் பதில் இல்லையென்றால் அதைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடலாம். நம் ஊருக்கு இந்த வசதி பெரிது. குறையும் உண்டு. நடப்பதை மைலில் கேட்கிறது. உட்காருவது என்றால் நாற்காலியைத்தான் சொல்கிறது. தரையில் சம்மணமிடுவது, குந்தி உட்காருவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நம் நோயாளிகள் முதலில் முறையிடுவது அதைத்தான். இதை வினாத்தாளுக்குள் செருகிவிடக் கூடாது. செருகினால் அது சரிபார்க்கப்பட்ட அளவுகோலாக இருக்காது. குந்தும் சிரமத்தைத் தனிக் கேள்வியாக வைத்துத் தனியாக அறிவிப்பதுதான் முறை.

யார் ஆய்வுக்குள் வருகிறார்கள் என்பதும் முடிவை மாற்றும். மதிப்பெண் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருப்பவர் எவ்வளவு தேறினாலும் அளவுகோலில் இறங்க இடமிருக்காது. லேசான, மிதமான பாதிப்புள்ளவர்களிடையே ரோலண்ட்-மாரிஸ் வித்தியாசங்களை நன்றாகப் பிரித்துக் காட்டும். பாதிப்பு கடுமையாகவும் விடாமலும் இருந்தால் ஆஸ்வெஸ்ட்ரி பொருத்தம். பெரிய மருத்துவமனைக்குப் பல மாத வலியோடு வருகிறவர்கள் இரண்டாம் வகைக்கு நெருக்கமானவர்கள்.

அடுத்தது மொழி. ஆஸ்வெஸ்ட்ரியின் தமிழ் வடிவம் உருவாக்கப்பட்டு, நம்பகத்தன்மையும் செல்லுபடித்தன்மையும் சோதிக்கப்பட்டு, 2014இல் ஆய்விதழில் வெளிவந்தது. மாணவர் அந்தக் கட்டுரையையே தேடிப் படிக்க வேண்டும். எத்தகைய நோயாளிகளிடம் சோதித்தார்கள், எத்தனை நாள் இடைவெளியில் மறுபடி கேட்டார்கள், தேறியவரின் மதிப்பெண் உண்மையில் இறங்குகிறதா என்று பார்த்தார்களா? இந்த மூன்றும் முக்கியம். சோதித்த தமிழ் வடிவம் இல்லாத அளவுகோலை எடுத்தால், இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, அவற்றை ஒன்றாக்கி, வேறு இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பி, ஒரு குழு ஒப்பிட்டு, பிறகு முப்பது நாற்பது நோயாளிகளிடம் முன்சோதனை செய்ய வேண்டும். அதுவே தனி ஆய்வு. நடைமுறையில் நான் கண்டு வருந்துவது வேறு. ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வாய்க்கு வந்தபடி தமிழில் கேட்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டலாம், தவறில்லை. ஆனால் அச்சிட்ட தமிழ்ச் சொற்களையே படிக்க வேண்டும். படிப்பவர், நோயாளி எந்தக் குழு என்று அறியாதவராக இருக்க வேண்டும். பயிற்சி கொடுத்தவரே எதிரில் உட்கார்ந்து கேட்டால், பாவம், நோயாளி மரியாதைக்காகவே 'பரவாயில்லை' என்பார்.

மதிப்பெண் போடுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. உதாரணத்துக்கு 45 வயது தையற்காரப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் அவர் மதிப்பெண்கள்: வலி 2, குளிப்பது உடுத்துவது 1, பளு 3, நடை 1, உட்காருவது 3 (அரை மணிக்கு மேல் முடியவில்லை), நிற்பது 2, தூக்கம் 1, பழகுவது 1, பயணம் 2. தாம்பத்தியம் பற்றிய கேள்வியைக் காலியாக விட்டுவிட்டார். நம்மிடையே இது வெகு சாதாரணம். கூட்டினால் 16. பதில் வந்தவை ஒன்பது பகுதிகள், அதிகபட்சம் 45. 16ஐ 45ஆல் வகுத்தால் 35.6 சதவீதம்.

பன்னிரண்டு வாரம் கழித்து, தயக்கம் விட்டுப்போய் எல்லாவற்றுக்கும் பதில் தருகிறார். அந்தக் கேள்விக்கு 2, மற்றவை 10, மொத்தம் 12. ஐம்பதுக்கு 12 என்றால் 24 சதவீதம். 11.6 இறங்கியிருக்கிறது. ஒருவர் தேறினார் என்று சொல்ல ஆஸ்வெஸ்ட்ரியில் 10 புள்ளியாவது, அல்லது தொடங்கிய அளவில் 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது 2008இல் வெளிவந்த ஒருமித்த பரிந்துரை. இவர் இரண்டிலும் தேறிவிட்டார். ஆனால் கணினியில் பதிவு செய்தவர் முதல் நாள் காலியிடத்தைப் பூஜ்யமாக்கியிருந்தால் என்னவாகும்? தொடக்கம் 50க்கு 16, அதாவது 32. இறக்கம் 8 மட்டுமே. அதே பெண், அதே பதில்கள், 'தேறாதவர்' பட்டியலில் போய்விடுகிறார். காலியிடங்களை எப்படிக் கணக்கிடுவோம் என்று முன்கூட்டியே எழுதி வைக்காத ஆய்வில் இதைப் பிறகு கண்டுபிடிக்கவும் வழியில்லை.

அந்த 10 புள்ளியை வைத்து நடக்கும் இன்னொரு பிழை பெரியது. அது ஒரு தனிமனிதரின் மாற்றத்துக்கான எல்லை. இரண்டு குழுக்களின் சராசரிக்கு இடையே இருக்க வேண்டிய வித்தியாசம் அல்ல. ஒப்பீட்டுக் குழுவும் சிகிச்சை பெறுகிறது, அதுவும் ஓரளவு தேறும். மிஞ்சும் வித்தியாசம் சிறியதாகவே இருக்கும். பிரிட்டனில் 2004இல் வெளியான யூ.கே. பீம் ஆய்வு இதற்கு நல்ல சான்று. 1334 பேர் பங்கேற்றார்கள். அளவுகோல் ரோலண்ட்-மாரிஸ். அதில் 4 மதிப்பெண்ணாவது உள்ளவர்களையே சேர்த்தார்கள். பொது மருத்துவரின் நல்ல கவனிப்போடு ஒப்பிட்டால், பயிற்சி சேர்த்ததால் மூன்று மாதத்தில் கிடைத்த கூடுதல் முன்னேற்றம் 24இல் சராசரியாக 1.4. முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சைக்கு 1.6. தனிமனிதருக்கு ரோலண்ட்-மாரிஸில் கேட்கப்படும் எல்லையோ 5.

ஆனாலும் நம் ஆய்வேடுகளில் குழு வித்தியாசம் 10 என்று எழுதிவிடுகிறார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15 என்று கொண்டால், 10 புள்ளி வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு ஏறத்தாழ 36 பேர் போதும். 5 புள்ளி என்றால் ஏறத்தாழ 140 பேர் வேண்டும். ஒரு மாணவரால் 280 பேரைச் சேர்க்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அதற்காக வராத வித்தியாசத்தை எதிர்பார்ப்பதாக எழுதி, கடைசியில் 'பயிற்சியால் பயனில்லை' என்று முடிப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். பல கல்லூரிகள் சேர்ந்து ஒரே ஆய்வாக நடத்தலாம். இல்லையென்றால் இது முன்னோட்ட ஆய்வு என்று நேர்மையாகச் சொல்லலாம்.

ஆகவே திட்டத்தில் எழுத வேண்டியது இப்படி இருக்கும்: 'முதன்மை விளைவு, 12ஆம் வாரத்தில் ஆஸ்வெஸ்ட்ரி 2.1ஏ மதிப்பெண், உரிமையாளரிடம் அனுமதி பெற்ற தமிழ் வடிவம். எங்கள் நோயாளிகள் நீண்டநாள், மிதமானது முதல் கடுமையானது வரையான பாதிப்புள்ளவர்கள் என்பதாலும், பொருந்தாத கேள்வியை நீக்கிக் கணக்கிட முடியும் என்பதாலும் இதைத் தேர்ந்தோம். தரையில் அமர்வதை இது அளக்காது. அதற்குத் தனிக் கேள்வி. குழுவை அறியாத ஒருவர் கேட்பார்.' இது அரைப் பக்கம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு; எதிர்த்துக் கேட்டால் பதிலும் உண்டு.

இதை எழுத வேண்டிய நேரம் முதல் நோயாளி சேர்வதற்கு முன்பு. 2018 ஏப்ரல் முதல் இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு, நோயாளி சேர்ப்பு தொடங்கிவிட்ட ஆய்வுகளை ஏற்பதில்லை. எந்த அளவுகோல், எந்த வாரத்தில் என்பதை அந்தப் பதிவிலேயே குறிப்பிட வேண்டும்.