ஆங்கில ஆர்ட்டிகிளும் தமிழின் ஐயுருபும்

ஏ, ஆன், தி ஆகிய ஆங்கில ஆர்ட்டிகிள்களுக்கு நேரான சொல்வகை தமிழில் இல்லை. எனினும் அவை உணர்த்தும் பொருள் வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. ‘சுவடி வாங்கினேன்’, ‘சுவடியை வாங்கினேன்’ எனும் தொடர்களை நோக்குக. முன்னதில் எந்தச் சுவடி என்பதைக் கேட்போர் அறியார். வாங்கியது ஒன்றாயின் ஆங்கிலத்தில் ‘ஏ மேனுஸ்கிரிப்ட்’ என வரும். பின்னது இருவரும் முன்பே அறிந்த சுவடியைக் குறிக்கிறது. ஆகவே ‘தி மேனுஸ்கிரிப்ட்’. அஃறிணைச் செயப்படுபொருளில் ஐயுருபு தொக்கு நிற்பதும் விரிந்து நிற்பதும் இவ்வாறு வழிகாட்டுகின்றன.

இச்சோதனைக்கு எல்லையும் உண்டு. உயர்திணைப் பெயர் ஐயுருபை ஏற்றே வருமாதலின், ‘ஒரு மாணவரைச் சந்தித்தேன்’ என்பதில் உருபு இருப்பினும் ‘ஏ’ என்பதே பொருந்தும். ‘ஒரு சுவடியை வாங்கினேன்’ என்பதும் அவ்வாறே. எனவே ‘ஒரு’ உளதா என்பதையே முதலிற் காண வேண்டும்.

எழுவாய்க்கு உருபே இல்லை. ஆய்வுச் சுருக்கங்களில் பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான். ‘சுவடி வாங்கினேன், சுவடி சிதைந்திருந்தது’ என்பதை ஆங்கிலமாக்குவோர் இரண்டாம் தொடரில் ஆர்ட்டிகிளையே விட்டுவிடுகின்றனர். ‘அந்தச் சுவடி’ என விரித்தாலும் பொருள் மாறாமையால் அங்கு ‘தி’ வேண்டும். சூரியன் போன்று ஒன்றேயான பொருளுக்கு ‘அந்த’ ஒட்டாது. ஆயினும் ‘தி சன்’ என்பதே வழக்கு.

ஏ, ஆன் எனும் வேறுபாடு, நம் ஒரு, ஓர் போல, வரும் சொல்லின் முதலொலியைச் சார்ந்தது. ஆங்கில எழுத்தைச் சார்ந்ததன்று. ஆகவே ‘ஆன் எம்.ஃபில். ஸ்காலர்’, ஆனால் ‘ஏ யுனிவர்சிட்டி’.