காலண்டர் தாளில் ஒரு வாஷிங் மெஷின்

"நல்லதா ஒரு வாஷிங் மெஷின் எடுக்கணும்டா. ஞாயித்துக்கிழமை கடைக்குக் கூட வா" என்று மதுரையிலிருந்து அத்தை போன் செய்தாள். எப்படிப்பட்டது வேண்டும் என்று கேட்டேன். "நல்லதா, பெருசா, ரொம்ப நாள் வர்ற மாதிரி" என்றாள். பின்னாலிருந்து மாமாவின் குரல்: "சுடுதண்ணி வர்ற மாதிரி பாரு மாப்ள!"

இந்த நான்கு சொற்களோடு கடைக்குள் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "நல்லது" என்றால் எது என்று விற்பனையாளர் முடிவு செய்வார். அன்றைக்கு எதில் அவருக்குக் கமிஷன் அதிகமோ அதுதான் நல்லது. அதனால் சனிக்கிழமையே போய் இறங்கினேன். மாதக் காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் 'கட்டாயம்', வலப்பக்கம் 'இருந்தால் நல்லது'. அதுவரை எந்த மாடலையும் போனில்கூடப் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம். பார்த்துவிட்டு எழுதினால், மனதுக்குப் பிடித்த மாடலில் என்னென்ன இருக்கிறதோ அவையெல்லாம் கட்டாயத்தில் ஏறிவிடும். அது பட்டியல் இல்லை, வாங்கப்போவதற்கான சால்ஜாப்பு.

முதல் கேள்வியாகப் புது மெஷினைப் பற்றிக் கேட்கவில்லை. பழையதில் என்ன கஷ்டம் என்றுதான் கேட்டேன். பதினோரு வருடமாக ஓடும் செமி ஆட்டோமேட்டிக் அது. ஒரு தொட்டியில் துவைத்து, பக்கத்துத் தொட்டியில் பிழிய வேண்டும். "ஒண்ணும் கஷ்டம் இல்லையே" என்றாள் அத்தை. பிறகு துவைக்கும்போது கூடவே நின்று பார்த்தேன். நீர் சொட்டும் போர்வையை இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்குத் தூக்கிப் போடும்போது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். அலசுவதற்குத் திரும்ப ஒரு தடவை, மறுபடி பிழிய ஒரு தடவை. கஷ்டம் அங்கேதான் இருந்தது. பழகிப்போனதால் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

கட்டாயத்தில் முதல் வரி எழுதினேன்: "ஈரத் துணியைத் தூக்கக் கூடாது." முழு ஆட்டோமேட்டிக் என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அது கடைக்காரரின் சொல். நம் தேவைக்கு ஒரு பதில், அவ்வளவுதான். தேவையை வீட்டுச் சொல்லில் எழுதிவிட்டால், எந்தப் பதில் பொருந்தும் என்பதைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். எழுதிய வரியில் விளம்பரத்தில் வரும் சொல் ஏதாவது தலைகாட்டினால், அது எதற்கு என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று பொருள். மாமா "இன்வெர்ட்டர் மோட்டார்" என்றார். எதற்கு மாமா? கரண்ட் பில் குறையுமாம். வாரத்துக்கு நாலு தடவை ஓடும் மெஷினில் அது எவ்வளவு குறைந்துவிடும் என்று பேசிப் பார்த்ததில், அவரே அதை வலப்பக்கம் தள்ளிவிட்டார்.

அடுத்தது "பெருசா". பக்கத்து வீட்டில் பத்து கிலோ வாங்கியிருக்கிறார்களாம். குளியலறையில் கிடந்த எடை மெஷினை எடுத்து வந்தேன். அத்தை முதலில் சும்மா ஏறி நின்றாள், பிறகு இரண்டு நாள் அழுக்குத் துணி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினாள். வித்தியாசம் நாலரை கிலோ. படுக்கை விரிப்பும் சேரும் நாளில் ஆறு. டப்பா மீது போட்டிருக்கும் கிலோ என்பது காய்ந்த பருத்தித் துணிக்கு, அதுவும் பருத்திக்கான முழு ப்ரோக்ராமில் போட்டால் மட்டும். சிந்தெடிக் துணிக்கான ப்ரோக்ராமிலும் விரைவு ப்ரோக்ராமிலும் அதில் பாதி, சிலவற்றில் அதற்கும் குறைவு. கையேட்டில் ஓர் அட்டவணையாகவே இருக்கும். அதையும் கணக்கில் வைத்து "ஆறரை முதல் ஏழு கிலோ" என்று எழுதினோம். பேரப்பிள்ளைகள் வரும் மே மாதத்தை என்ன செய்வது? இரண்டு தடவை போட்டுக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு முறை துவைக்கும் ரஜாயை லாண்டரிக்குக் கொடுக்கலாம். பத்து நாளைக்காக மற்ற நாளெல்லாம் பெரிய டிரம்மைச் சுமக்க வேண்டாம்.

பிறகு தண்ணீர். மாடலைப் பார்த்துக்கொண்டு யாரும் யோசிக்காத விஷயம் இது, பின்னால் அதிகம் அழவைப்பதும் இதுதான். அத்தை இருப்பது மாடி வீடு. தண்ணீர்த் தொட்டி நேர் மேலே மொட்டை மாடியில், மூன்றடித் தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. கூரை உயரம் பத்தடி, குழாய் தரையிலிருந்து மூன்றடி. ஆகத் தொட்டியின் அடிக்கும் குழாய்க்கும் நடுவே பத்தடி, அதாவது மூன்று மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. அப்படியானால் இங்கே 0.3 பார். குழாயின் வளைவுகளில் அதிலும் கொஞ்சம் போய்விடும். பத்து லிட்டர் வாளியை வைத்துத் திறந்தோம். நிறைய இரண்டு நிமிடத்துக்குப் பத்து நொடிதான் குறைவு.

தானாக நீர் பிடிக்கும் மெஷினில் நீர் நுழையும் இடத்தில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு வால்வு உண்டு. நன்றாகத் திறக்கவும் இறுக்கி மூடவும் அது தண்ணீரின் அழுத்தத்தையே நம்பியிருக்கிறது. அழுத்தம் போதாவிட்டால் நீர் சொட்டுச் சொட்டாக ஏறும். குறித்த நேரத்துக்குள் மட்டம் வராவிட்டால் மெஷின் பிழைக் குறியைக் காட்டி நின்றுவிடும். மெஷின் பழுது என்று ஆளைக் கூப்பிடுவோம், அவர் வந்து "தண்ணி ஃபோர்ஸ் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில ஒரு பார் கேட்கின்றன, சில அரை பார். 0.2 பாருக்குக் கீழேயும் நீர் எடுக்கும் என்று சொல்லி விற்கும் டாப் லோடுகளும் உண்டு. ஆகவே அடுத்த கட்டாயம்: "0.3 பாரில் ஓட வேண்டும். விற்பவர் வாயால் சொன்னால் போதாது, கையேட்டில் இருக்க வேண்டும்." இல்லையென்றால் பிரஷர் பம்ப் ஒன்றை மாட்ட வேண்டும், அந்தச் செலவை மெஷின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இடத்தை அளப்பதில் ஒரு வேடிக்கை. சுவருக்கும் துவைக்கும் கல்லுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர். சாதாரண ஃப்ரன்ட் லோடின் அகலமும் அதே 60. அளவு சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பிழியும்போது உடம்பை உதறும் மெஷினுக்கு இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளியாவது விட வேண்டும். எனவே 56-க்கு மேல் கூடாது என்று எழுதினோம். உயரத்தை மூடியைத் திறந்த நிலையில் அளக்க வேண்டும். மேலே ஊறுகாய் ஜாடி வைக்கும் பலகை தரையிலிருந்து 137-ல் இருந்தது. டாப் லோடின் மூடியை முழுக்கத் தூக்கினால் அந்தப் பலகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மூடி திறந்த உயரத்தையும் குறித்துக்கொண்டோம்.

ஃப்ரன்ட் லோடு இடத்தாலேயே கழிந்துவிட்டது. முட்டி வலிக்காரி குனிந்து துணி எடுப்பது கஷ்டம் என்பதால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அப்போதுதான் ஒன்று உறைத்தது. அத்தையின் உயரம் நாலடி பத்து அங்குலம். டாப் லோடின் டிரம் ஆழமானது. அடியில் ஒட்டிக்கிடக்கும் ஒற்றைக் கைக்குட்டையை எடுக்க எக்க வேண்டியிருந்தால் தோள் மறுபடி போச்சு. எலி கடிக்காமல் இருக்க ஸ்டாண்ட் மேல் ஏற்றினாலோ இன்னும் உயரும். எந்தக் கம்பெனியின் விவரத் தாளிலும் இல்லாத ஒரு வரி கட்டாயத்தில் ஏறியது: "அத்தையின் விரல் டிரம்மின் அடியைத் தொட வேண்டும்."

சுடுதண்ணீர் விஷயத்தில் மாமா விட்டுக்கொடுப்பதாக இல்லை. வேட்டிக் கரையில் படியும் அழுக்கு அப்போதுதான் போகுமாம். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். மற்ற எல்லாம் பொருந்துகிற, சுடுதண்ணீர் மட்டும் இல்லாத ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்குவீர்களா? "வாங்காம?" என்றார். அப்படியானால் அது கட்டாயம் இல்லை. இதே கேள்வியை அத்தையிடம் தோளை வைத்துக் கேட்டேன். "சும்மா கொடுத்தாலும் வேண்டாம்" என்றாள். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது இப்படித்தான் தெரியும். தவிர, உள்ளே ஹீட்டர் உள்ள மெஷின் இரண்டாயிரம் வாட் வரை இழுக்கும், கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். துவைக்கும் இடத்தில் இருந்ததோ மிக்ஸி மாட்டும் சின்ன பிளக். பவர் பிளக்குக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். வேட்டியை முதல் நாள் இரவு வெந்நீரில் ஊறவைப்பதாக மாமா இறங்கி வந்தார்.

"துணியில வெள்ளை வெள்ளையா படியுதே, அது போகணும்" என்றாள் அத்தை கடைசியாக. எழுதப் போன பேனா நின்றது. அது போர் தண்ணீரின் உப்பு. கடின நீரில் உள்ள கால்சியத்தை எந்த வாஷிங் மெஷினும் பிரித்து எடுக்காது; கூடுதலாக ஊறவைக்கும், கூடுதலாக அலசும், அலசுவதும் அதே தண்ணீரில்தான். ஹீட்டர் இருந்தால் உப்பு அதன் மேலேயே படியும். இதற்கு வழி, நீரை மென்மையாக்கும் கருவியை வைப்பது, அல்லது கார்ப்பரேஷன் தண்ணீரை மெஷினுக்கு மட்டும் தனியாகத் திருப்புவது. தாளின் அடியில் இன்னொரு கோடு போட்டு, "மெஷினால் ஆகாது" என்று தலைப்பிட்டு அங்கே எழுதினேன். இதை எழுதாமல் போயிருந்தால், 'ஹார்ட் வாட்டர்' ஸ்டிக்கர் ஒட்டிய மெஷினுக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு அதே வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எல்லாம் சேர்த்து, ஸ்டாண்ட், மாட்டும் கூலி உட்பட 22,000 ரூபாய் என்று முடித்தபோது கட்டாயத்தில் ஆறு வரி. என் அனுபவத்தில் அதற்கு மேல் போனால் கடையில் ஒரு மாடலும் மிஞ்சாது. கடைசியில் எரிச்சலில் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்து வருவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நுழைந்ததும் பையன் ஒருவன் பளபளக்கும் ஃப்ரன்ட் லோடிடம் கூட்டிப்போனான். அத்தை தாளை நீட்டினாள். அவன் படித்தான், திருப்பிப் பின்பக்கத் தேதிகளைப் பார்த்தான், மறுபடி படித்தான். "பார் கணக்கு எல்லாம் கேக்குறீங்களேம்மா" என்று உள்ளே போய்க் கையேடுகளை எடுத்து வந்தான். அகலத்தில் நாலு கழிந்தன, அழுத்தத்தில் மூன்று. இரண்டு மிஞ்சின.

முதலாவதில் அத்தை கையை விட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நின்றும் எட்டவில்லை. பையன் எதையோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்து டார்ச் அடிக்க வந்தான். இரண்டாவதில் தோள் வரைக்கும் விட்டாள். உள்ளே வளையல் எஃகில் உரசும் சத்தம் கேட்டது.

"தொடுது" என்றாள், தலையை வெளியே எடுக்காமலே.